பெரிய ஷூவுக்குள்ளும் நகம் கறுப்பது ஏன்?

“ஐயா, குலசேகரத்திலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. ஜூனில் பள்ளி திறந்தபோது 13-ஆம் நம்பர் ஷூ அளவாக இருந்தது. ‘வளர்கிற பிள்ளை, இரண்டு நம்பர் கூட்டி எடுங்கள்’ என்று கடையில் சொன்னதால் 2-ஆம் நம்பர் வாங்கினோம். கறுப்பு ரெக்சின், ஒட்டும் பட்டை வைத்தது. இரண்டே மாதத்தில் வலது பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. அடிக்கடி தடுக்கி விழுகிறான். மாலையில் சாக்ஸைக் கழற்றினால் விரலிடுக்கு வெளுத்து ஊறிப்போயிருக்கிறது, நாற்றமும் தாங்கவில்லை. ஷூ பெரிதாகத்தானே இருக்கிறது, நகம் எப்படி இடிபடும்? தோல் ஷூ வாங்கலாமா, நம் ஊர் மழைக்கு அது தாங்குமா? சுவரோடு குதிகாலை வைத்து அளந்தேன்: வலது கால் 19.8 செ.மீ., இடது 19.5.”
— ஒரு தாய், குலசேகரம்

அன்புள்ள சகோதரிக்கு,

காலை அளந்து எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. கடிதம் எழுதும் பெரும்பாலோர் வயதை மட்டும் எழுதுவார்கள். ஏழு வயதுப் பிள்ளைகள் இருவரின் கால்கள் ஒன்றுக்கொன்று இரண்டு நம்பர்கூட வேறுபடும். நீங்கள் கொடுத்த இரண்டு எண்களே உங்கள் கேள்விக்குப் பாதி விடையைச் சொல்லிவிடுகின்றன.

நம் நாட்டுப் பள்ளி ஷூக்களில் பெரும்பாலும் ஆங்கிலேய அளவுமுறைதான். ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடைவெளி அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். சிறுவர் நம்பர் 13-இல் முடிந்து மறுபடியும் 1-இலிருந்து தொடங்கும். 13-ஆம் நம்பர் ஷூவைத் தைக்கும் கால் வடிவக் கட்டையின் நீளம் சுமார் 21.2 செ.மீ., 2-ஆம் நம்பர் கட்டை சுமார் 22.9. உங்கள் மகனின் நீளமான கால் 19.8. விரல் முனைக்கு முன்னால் இருக்கவேண்டிய வெற்றிடம் சுமார் 12 மில்லிமீட்டர். நடக்கும்போது கால் சற்று நீண்டு முன்னே வரும். அதற்குப் பாதி, வளர்ச்சிக்குப் பாதி. இப்போது அவன் போட்டிருக்கும் ஷூவில் அந்த வெற்றிடம் 31 மில்லிமீட்டர்.

அந்த 31 மில்லிமீட்டர்தான் நகத்தைக் கறுக்க வைத்தது. ஒவ்வொரு அடியிலும் குதிகால் தரையில் பட்டதும் ஷூ நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் கால் நிற்பதில்லை. பட்டையும் குதிகால் பகுதியும் பிடித்து நிறுத்தாவிட்டால் கால் முன்னோக்கி வழுக்கிக்கொண்டு போகும். ஷூவின் முன்முனை ஆப்புப் போல ஒடுங்கி, உயரமும் குறைந்து முடிகிறது. அந்த ஒடுக்கத்துக்குள் போய் முட்டும் முதல் விரல் பெருவிரல். காலையில் பள்ளிக்குப் போய் மாலையில் திரும்புவதற்குள் எத்தனை ஆயிரம் அடி வைக்கிறானோ அத்தனை முறை முட்டுகிறது. சின்ன ஷூவில் நகம் அழுந்தும், பெரிய ஷூவில் நகம் இடிபடும். இரண்டிலும் முடிவு ஒன்றே. போதாததற்கு, ஷூ கழன்றுவிடாமல் இருக்கப் பிள்ளை தன்னையறியாமல் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பான். அவன் வெறுங்காலோடு நிற்கும்போது விரல் நுனிகளைப் பாருங்கள். நுனி சிவந்தோ தடித்தோ இருந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

தடுக்கி விழுவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. ஷூ வாங்குபவர்கள் அதை நினைப்பதே இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கால் மடங்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். பெருவிரல் பாதத்தோடு சேரும் மூட்டு, அங்கிருந்து சற்றுச் சாய்வாகச் சுண்டுவிரல் மூட்டு வரை போகும் கோடு. குதிகாலிலிருந்து அளந்தால் பெருவிரல் மூட்டு காலின் நீளத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கும். உங்கள் மகனுக்கு அது சுமார் 14.3 செ.மீ. ஷூ செய்பவர், அந்த நம்பருக்குரிய காலின் மூட்டு எங்கே வருமோ அந்த இடத்தில்தான் சோலை மெல்லியதாக்கி, பள்ளம் கொடுத்து, மடங்க வைப்பார். 2-ஆம் நம்பர் ஷூ ஏறக்குறைய 21.6 செ.மீ. காலுக்காகச் செய்யப்பட்டது. அதன் மடிப்புக் கோடு குதிகாலிலிருந்து 15.5 செ.மீ. தூரத்தில் இருக்கும். அவன் கால் ஓரிடத்தில் மடங்கப் பார்க்கிறது, ஷூ அதற்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் முன்னால்தான் மடங்கச் சம்மதிக்கிறது. மூட்டுக்கு அடியில் சோல் விறைப்பாக நிற்கும். விரல்களுக்கு அடியில் மடங்கும். அப்போது மேற்பகுதியில் விழும் மடிப்பு விரல்களின் மேல் போய்க் குத்தும். அடியெடுக்கும்போது நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று சென்டிமீட்டர் முனை தரையில் உரசும். ரப்பர் தோட்டத்து வேர்களும் சரளைக்கல்லும் உள்ள பாதையில் நடக்கிற பிள்ளை விழாமல் என்ன செய்வான்?

ஆகவே முனையில் பஞ்சோ துணியோ திணித்துச் சமாளிக்க வேண்டாம். பஞ்சு முட்டுவதைக் கொஞ்சம் மென்மையாக்கும், அவ்வளவுதான். மடிப்புக் கோட்டை அது பின்னுக்குக் கொண்டுவராது. கூடுதல் இன்சோல் போட்டாலும் அதே கதை. ஷூவின் உள்ளுயரத்தையும் சேர்த்துக் குறைத்துவிடும். உறவில் ஏறக்குறைய 21.5 செ.மீ. நீளக் கால் உள்ள பிள்ளை இருந்தால் இந்த ஷூவை அவனுக்குக் கொடுத்துவிடுங்கள். இவனுக்கே எடுத்து வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஏழு வயதில் கால் ஆண்டுக்கு எட்டு முதல் பத்து மில்லிமீட்டர்தான் வளரும். இந்த ஷூ பொருந்த இரண்டு ஆண்டுகள் ஆகும். சோல் பியூ எனப்படும் பாலியூரித்தேன் வகையாக இருந்தால் நம் குமரி மாவட்டத்து ஈரக் காற்றில் பெட்டிக்குள் இருந்தபடியே பொடிந்துபோகும். பெட்டியைத் திறந்தால் ரஸ்க் போல உதிரும் சோல்களை மாதந்தோறும் பார்க்கிறேன்.

அப்படியானால் 13-ஆம் நம்பர் எத்தனை நாள் வரும் என்று கேட்பீர்கள். கணக்குப் போடுவோம். 21.2-இல் 19.8 போனால் 14 மில்லிமீட்டர் மிச்சம். வெற்றிடம் ஆறு மில்லிமீட்டராகச் சுருங்கும்போது மாற்றவேண்டும். இடையில் உள்ள எட்டு மில்லிமீட்டரை வளர பத்து முதல் பன்னிரண்டு மாதம் பிடிக்கும். இன்று வாங்கினால் ஏப்ரல் முழுப் பரீட்சையைத் தாண்டிவிடும். ஒரு கல்வியாண்டுக்காக இரண்டு நம்பர் கூட்டவேண்டிய தேவை இந்த வயதில் இல்லை.

ஆனால் பெட்டியில் எழுதிய 13-ஐ நம்பி வாங்காதீர்கள். ஒரே நம்பரில் இரண்டு கம்பெனி ஷூக்கள் உள்ளே அரை நம்பர் வித்தியாசத்தில் இருப்பது சாதாரணம். கனமான அட்டையில், காலண்டர் அட்டைகூடப் போதும், ஒரு விரல் அகலத்துக்கு 21 செ.மீ. நீளப் பட்டை ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள்; 19.8-உம் வெற்றிடம் 1.2-உம் சேர்ந்த நீளம் அது. கடையில் அதை ஷூவுக்குள் குதிகாலிலிருந்து முனை வரை தட்டையாக வையுங்கள். மடங்காமல் படுத்தால் நீளம் போதும். வளைந்து எழும்பினால் ஷூ சிறியது. முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் பெரியது. மாலையில், சாக்ஸ் போட்டு, இரண்டு காலிலும் எடை சமமாக விழ நிற்கவைத்து ஒருமுறை மறுபடியும் அளந்துவிட்டே பட்டையை வெட்டுங்கள். சில பிள்ளைகளுக்கு இரண்டாவது விரல்தான் நீளம். எது முன்னால் இருக்கிறதோ அதற்கே அளவு.

கட்டை விரலால் ஷூ முனையை அழுத்திப் பார்ப்பது நம் எல்லாருக்கும் பழக்கம். அதை நம்பக்கூடாது என்பதை என் மகளிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். ஆம்பூரில் சிறுவர் ஷூ பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம். ஒரு கடையில் முனையை அழுத்தினேன், ஒரு விரலுக்கு இடம் இருந்தது, வாங்கினேன். மூன்று வாரத்தில் இரண்டாவது விரலில் கொப்புளம். பிறகு அவள் காலருகே உட்கார்ந்து கவனித்தேன். என் விரல் அழுத்துவது தெரிந்ததும் அவள் விரல்களைச் சுருட்டிக்கொண்டாள்; எடுத்ததும் நீட்டிக்கொண்டாள். பல குழந்தைகளும் இப்படியே செய்வார்கள். தவிர, முனையில் வடிவம் கெடாதிருக்க வைக்கும் கெட்டி அட்டை, உள்ளே இருப்பது விரலா வெறும் காற்றா என்பதை நமக்குத் தெரியவிடாது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் அட்டைப் பட்டையைத்தான் சொல்கிறேன்.

நீளத்தைப் போலவே முனையின் வடிவத்தையும் பாருங்கள். மகனின் காலை வெள்ளைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அதன் மேல் ஷூவை வையுங்கள். பென்சில் கோடு எங்கேயாவது ஷூவுக்கு வெளியே தெரிந்தால், குறிப்பாகப் பெருவிரல் பக்கமோ சுண்டுவிரல் பக்கமோ தெரிந்தால், அந்த மாதிரி வேண்டாம். நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சரிக்கட்டலாம் என்று விற்பனையாளர் சொன்னால் கேட்காதீர்கள். மறுபடியும் மடிப்புக் கோடு இடம் மாறும் சிக்கலில்தான் அது கொண்டுபோய் விடும். வேறு மாதிரி, வேறு கம்பெனி பாருங்கள்.

சோலைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். ஷூவைப் போட்டு நிற்கவைத்து, பெருவிரல் மூட்டு பக்கவாட்டில் புடைத்துத் தெரியும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கழற்றி, குதிகாலை ஒரு கையில் பிடித்து, முனையை மறு கையின் விரல்களால் மேல்நோக்கி அழுத்துங்கள். சாக்பீஸ் கோட்டிலேயே மடங்கவேண்டும். உள்ளங்கையால் பலம் கொடுத்தால்தான் மடங்குகிறது என்றால் ஏழு வயதுக் காலுக்கு அது விறைப்பு. பிவிசி சோல் ஊற்றிச் செய்த மலிவு ஷூக்களில் இந்தக் குறை அதிகம். அவற்றின் சோல் கனமாக இருக்கும். சீக்கிரம் தேயாது என்பதால் பெற்றோர் விரும்பி வாங்குகிறார்கள். காலே வளர்ந்து ஷூவை விட்டு வெளியேறப்போகிற வயதில் தேயாத சோலால் பயனில்லை. நடுப்பகுதியில், உள்ளங்கால் வளைவுக்கு நேரே மடங்கும் ஷூவும் வேண்டாம்; அங்கே அது உறுதியாக நிற்கவேண்டும். பியூ சோல் என்றால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். ஓராண்டுக்கு மேல் கடையில் கிடந்த சரக்கை நான் எடுக்கமாட்டேன்.

இனி ரெக்சினுக்கு வருகிறேன்.

ரெக்சின் என்பது துணியின் மேல் பிளாஸ்டிக் பூசியது. காலில் கிளம்பும் வியர்வை ஆவிக்கு அதில் வெளியேற வழி கிடையாது. வெளியேறாத ஆவி உள்ளேயே நீராகித் தங்குகிறது, சாக்ஸ் நனைகிறது, விரலிடுக்குத் தோல் ஊறி வெளுக்கிறது. உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மழைக்காலத்தில் ரப்பர் ஷீட்டைக் காற்றும் புகையும் இல்லாத மூலையில் போட்டால் என்ன ஆகும்? பூஞ்சணம் பிடிக்கும். உங்கள் மகனின் விரலிடுக்கிலும் அந்த நிலைமைதான். தோல் உரிந்து, அரிப்போ வெடிப்போ இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பூஞ்சைத் தொற்று இருந்தால் ஷூவை மாற்றுவதால் மட்டும் குணமாகாது. நகத்தில் வலியோ சீழோ இருந்தாலும், நகம் வளர வளர அந்தக் கறுப்பு முன்னோக்கி நகராமல் அதே இடத்தில் நின்றாலும் மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

உண்மையான தோல் இரண்டு வேலை செய்யும். ஆவியைக் கொஞ்சம் வெளியே விடும். மீதியைத் தன் நார்களுக்குள் வாங்கிவைத்து, இரவில் காற்றில் விட்டுவிடும். ஆனால் ‘லெதர்’ என்று விற்பதெல்லாம் அப்படிச் செய்யாது. தோலைக் கிடையாக இரண்டு மூன்று அடுக்குகளாகப் பிளப்பார்கள். கீழ் அடுக்கை நாங்கள் ஸ்ப்ளிட் என்போம். அதன் மேல் கனமான பிளாஸ்டிக் படலம் ஒட்டிப் பளபளப்பாக்கினால் அதுவும் தோல் ஷூ என்றே விலைக்கு வரும். காற்றோட்டத்தில் அது ரெக்சினை விட அதிகம் உயர்ந்ததல்ல. ஷூவின் நாக்கின் ஓரத்தையோ பட்டையின் வெட்டு முனையையோ உற்றுப் பாருங்கள். மேலே தனிப் படலமாக ஒரு பிளாஸ்டிக் அடுக்கு கோடு போலத் தெரிந்தால் ஸ்ப்ளிட். அடியில் நெய்த துணி தெரிந்தால் ரெக்சின். மேலிருந்து கீழ்வரை ஒரே நாராக இறங்கினால் நல்ல தோல். ஓரங்களை எல்லாம் மடித்துத் தைத்து ஒன்றுமே தெரியாதபடி செய்திருந்தால், மேற்பகுதியை விரலால் மடக்குங்கள். நல்ல தோலில் மயிரிழை போன்ற பல சுருக்கங்கள் விழும். பிளாஸ்டிக்கில் ஒன்றிரண்டு தடித்த மடிப்பு மட்டும் விழும்.

மேல் தோலைப் பார்த்துவிட்டு உள் துணியை மறந்துவிடுகிறார்கள். காலைத் தொடுவது அதுதான். நல்ல தோலுக்கு உள்ளே பிளாஸ்டிக் லைனிங் வைத்துவிட்டால் செலவழித்ததெல்லாம் வீண். விரலை நனைத்து உள்பக்கத்தில் ஒரு சொட்டு வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் பரவி உறிஞ்சப்பட்டால் பருத்தித் துணியோ தோலோ. முத்தாக நின்றால் பிளாஸ்டிக். பக்கவாட்டில் காற்றுத்துளை போட்டிருந்தால் ஷூவை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் துளை மேலடுக்கோடு நின்றுவிட்டது, அலங்காரத்துக்கு மட்டும்.

உங்கள் மழைக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லவேண்டும்: தோல் மழைக்கு ஆகாது. தெப்பலாக நனைந்த தோல் ஷூ ஒரே இரவில் காயாது. ஈரத்தோடு மறுநாள் போட்டால் ரெக்சினில் பட்ட அவதியே திரும்பும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை இடைவெளி கொஞ்சம்தான். மழை நாளில் ரப்பர் செருப்பைப் பின்பட்டையோடு போட்டு நடக்கட்டும். தோல் ஷூவும் உலர்ந்த சாக்ஸும் பைக்குள் போகட்டும். பள்ளி வராந்தாவில் காலைத் துடைத்துவிட்டு மாற்றிக்கொள்ளட்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது முடியும். வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கறுப்புக் கேன்வாஸை அனுமதிக்கும் பள்ளியாக இருந்தால், பணத்துக்கு ஏற்றதும் இந்த மழைக்கு ஏற்றதும் அதுவே என்பது என் கருத்து. தோலை விடக் காற்று நன்றாகப் புகும், சோப்புப் போட்டுத் துவைக்கலாம், ஒரு தோல் ஷூ விலையில் பெரும்பாலும் இரண்டு ஜோடி கிடைக்கும். இரண்டு ஜோடி இருந்தால் ஒன்றுவிட்டு ஒரு நாள் போடலாம். முனை மெலிதாக இருப்பதால் கல்லில் இடித்தால் வலிக்கும் என்பது ஒரு குறை. முனையில் ரப்பர் உறை வைத்ததாகப் பார்த்து எடுத்தால் அதுவும் தீரும்.

எந்த ஷூ நனைந்தாலும் அடுப்புத் திண்டில் வைக்காதீர்கள், வெயிலிலும் போடாதீர்கள். தோல் விறைத்து வெடிக்கும், சோல் ஒட்டிய பசை விடும். இன்சோலைக் கழற்ற முடிந்தால் கழற்றி, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றி, மின்விசிறிக் காற்று படும் இடத்தில் சாய்த்து வையுங்கள்.

எதை வாங்கினாலும் பட்டையோ லேஸோ காலின் மேல்மேட்டை இறுக்கிப் பிடிக்கவேண்டும். கால் முன்னே வழுக்காமல் நிறுத்துவது அதுதான். சரியான நீளம் இருந்தும் பட்டை தளர்ந்தால் நகம் மறுபடி இடிபடும். ஒட்டும் பட்டையில் நூலும் மண்ணும் சேர்ந்து பிடி விட்டுப்போகும், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை தேய்த்து எடுங்கள். காலையில் ஷூ போடும்போது குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டி, கால் பின்னால் போய் உட்கார்ந்த பிறகு பட்டையை ஒட்டச் சொல்லிக் கொடுங்கள்.

அந்த அட்டைப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காலாண்டு விடுமுறையிலும் அரையாண்டு விடுமுறையிலும் மகனை அதன் மேல் நிற்கவைத்து, குதிகாலைப் பின் ஓரத்தோடு வைத்து, பெருவிரல் நுனியில் பேனாவால் கோடு போடுங்கள். கோட்டுக்கும் அட்டை முனைக்கும் இடையே இன்று 12 மில்லிமீட்டர் இருக்கும். அது ஐந்தாறாகக் குறையும் வாரத்தில் அடுத்த ஷூவுக்குக் கடைக்குப் போங்கள்.